பி.சி.எம். வைத்தது யார்

எனக்குக் கோபம் வந்துவிட்டால் காது அடைத்துக்கொள்ளும். எதிரே இருப்பவர் வாய் அசைவது தெரியும், என்ன சொல்கிறார் என்பது ஏறாது. மைக் செட் தொழிலில் இருப்பவனுக்கு இது வரக்கூடாத வியாதி. எனக்கு வந்தது, கடைசி வரை போகவும் இல்லை.

திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் என் கடை இருந்தது. குஜிலியம்பாறைப் பக்கம் திருவிழாவா, சித்தையன்கோட்டையில் காதுகுத்தா, கொடைரோட்டில் கட்சிக் கூட்டமா, என் குழாய் ஸ்பீக்கர்கள்தான் மரத்தில் ஏறும். சவுண்டு விஷயத்தில் என்னிடம் யாரும் வாதம் செய்ய மாட்டார்கள். செய்தால் விடமாட்டேன். ஒரு தடவை சபா மேடையில் ஏறி வித்வானிடமே சண்டை போட்டிருக்கிறேன், அவர் மைக்கை வாய்க்குள் வைத்துப் பாடுகிறார் என்று.

இரண்டாயிரத்து எட்டு, ஒன்பது வாக்கில் நடந்தது. புது வீடு கட்டி முடித்திருந்தேன். ஹாலில் பெரிய தட்டை டிவி வாங்கி மாட்டியாயிற்று. தெரு முழுக்க ஒன்றைச் சொல்லி வைத்திருந்தேன்: சினிமாத் தியேட்டரில் கேட்கிற மாதிரி என் வீட்டு ஹாலில் கேட்கும், வந்து பாருங்கள் என்று. ஐந்து பெட்டியைச் சுற்றி வைத்து வயர் இழுத்தால் புதுச் சுவர் கெட்டுப்போகும் என்று மனைவி ஒரேயடியாக மறுத்துவிட்டார். அப்போதுதான் மெயின் ரோட்டு எலெக்ட்ரானிக்ஸ் கடையில் சவுண்ட்பார் என்று ஒன்று வந்திருப்பதைக் கேள்விப்பட்டேன். டிவிக்குக் கீழே ஒரே நீளப் பெட்டி. அதற்குள்ளே வரிசையாகச் சின்னச் சின்ன ஸ்பீக்கர்கள். சத்தத்தைச் சுவரில் அடித்துத் திருப்பி முதுகுக்குப் பின்னால் கேட்க வைக்கும்.

நான் நம்பவில்லை. கேட்டுப் பார்க்கத்தான் போனேன்.

அந்தக் கடையில் பொருளைப் போட்டுக் காட்டுகிற வேலையில் ஒரு பெண் இருந்தாள். எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ படித்தவள், இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயது இருக்கும். சித்தையன்கோட்டையிலிருந்து தினமும் பஸ் ஏறி வருகிறவள். கம்பெனி கொடுத்த டிஸ்க்கைப் போட்டாள். ஹெலிகாப்டர் ஒன்று எனக்குப் பின்னாலிருந்து வந்து தலைக்கு மேலே போய் முன்னால் இறங்கியது. நான் திரும்பிப் பார்த்துவிட்டேன். அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. முப்பது வருஷம் சத்தத்தோடு குடும்பம் நடத்தினவன் திரும்பிப் பார்த்ததை ஒரு சின்னப் பெண் பார்த்துவிட்டாளே என்று இருந்தது.

வாங்கிவிட்டேன். பில் போடும்போது, வீட்டில் எப்படி மாட்ட வேண்டும் என்று ஏதோ சொல்ல வந்தாள். பிளேயரிலிருந்து நேராக சவுண்ட்பாருக்கு வயர் என்று ஆரம்பித்தாள். எனக்கே பாடம் எடுக்கிறியா என்று கேட்டு அவளை அதோடு நிறுத்தினேன். ஆள் அனுப்புகிறோம் என்று முதலாளி சொன்னதற்கும் வேண்டாம் என்றேன். மைக் செட்காரன் வீட்டுக்குச் சவுண்டு மாட்ட வெளியாள் வந்தான் என்று தெரிந்தால் நான் தெருவில் நடமாட முடியுமா?

எங்கள் தொழிலில் ஒரு முறை உண்டு. எத்தனை பாட்டுப் பெட்டி இருந்தாலும், எத்தனை மைக் இருந்தாலும், எல்லாம் ஒரு மிக்ஸருக்கு வர வேண்டும். மிக்ஸரிலிருந்து ஒரே வயர் ஆம்ப்ளிஃபயருக்குப் போக வேண்டும். அப்போதுதான் எங்கே கோளாறு என்று உடனே தெரியும். வீட்டிலும் அதையே செய்தேன். டிவிதான் மிக்ஸர். டிவிடி பிளேயரை எச்.டி.எம்.ஐ. வயரில் டிவிக்குக் கொடுத்தேன். டிஷ் பெட்டியும் டிவிக்கு. டிவியின் பின்னாலிருந்து ஆப்டிக்கல் வயர் ஒன்று, கண்ணாடி நூல் மாதிரி சிவப்பு வெளிச்சம் வருகிற வயர், அது சவுண்ட்பாருக்கு. பார்த்தால் அவ்வளவு சுத்தமாக இருந்தது. நானே இரண்டு தடவை பின்னால் எட்டிப் பார்த்து ரசித்தேன்.

இன்னொரு பழக்கமும் உண்டு. புது டிவிடி பிளேயர் எது கைக்கு வந்தாலும், கவரைப் பிரித்த கையோடு அதன் செட்டப்புக்குள் போய் இரண்டு இடத்தைத் தட்டுவேன். ஆடியோவை ஸ்டீரியோ, அதாவது ரெண்டு சேனல் ஆக்குவேன்; டிஜிட்டல் அவுட்டைப் பி.சி.எம்., அதாவது பிளேயரே பிரித்துக் கொடுக்கிற சாதாரணச் சத்தம் ஆக்குவேன். அதற்குக் காரணம் இருக்கிறது. ஒரு வருஷம் திருவிழாவில் ஆறு சேனல் டிஸ்க்கை, அதாவது சத்தம் ஆறு தனித்தனி வழியில் வருகிற டிஸ்க்கைப் போட்டு, ரெண்டே வயரை எடுத்துக் குழாய்க்குக் கொடுத்தேன். தவில், நாதஸ்வரம் எல்லாம் வந்தது, பாடுகிறவர் குரல் மட்டும் வரவில்லை. குரல் நடு ஸ்பீக்கருக்கு என்று வைத்திருந்த சேனலில் போய்விட்டது, அந்த சேனலுக்கு என்னிடம் வயர் இல்லை. ஊர்க்காரர்கள் என் அம்மாவை இழுத்துப் பேசினார்கள். இன்னொரு தடவை ஒரு மண்டபத்தில் டிஜிட்டல் வயர் போட்டு வெறும் இரைச்சல் வந்தது, பி.சி.எம். என்று மாற்றிய பிறகுதான் பாட்டு வந்தது. அன்றிலிருந்து என் கையில் வருகிற பிளேயருக்கு இந்த இரண்டும் கட்டாயம். என் கடை ஆட்களுக்கும் அப்படியே சொல்லிக் கொடுத்திருந்தேன். வீட்டுப் பிளேயருக்கும் கை தானாகப் போய்த் தட்டிவிட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சொந்தக்காரர்கள் எல்லாம் சாப்பிட வந்திருந்தார்கள். சிங்கப்பூரிலிருந்து லீவில் வந்திருந்த மச்சினனும் வந்திருந்தான். அவனுக்கும் எனக்கும் எப்போதும் ஆகாது. அங்கே அது இருக்கிறது, இங்கே என்ன இருக்கிறது என்றே பேசுகிறவன். எல்லோரையும் ஹாலில் உட்கார வைத்து அதே ஹெலிகாப்டர் டிஸ்க்கைப் போட்டேன்.

ஹெலிகாப்டர் இடப்பக்கம் வந்தது, வலப்பக்கம் போனது. பின்னால் போகவே இல்லை. சத்தத்தைக் கூட்டினேன். சத்தம் கூடியது, அவ்வளவுதான். அத்தை ஒருவர், நன்றாகத்தான் கேட்கிறது என்று ஆறுதலாகச் சொன்னார். மச்சினன் எழுந்து போய் பாரின் முன்னால் குனிந்து பார்த்தான்.

"மச்சான், இதுல டூ பாயிண்ட் ஜீரோன்னு எரியுது, ரெண்டே சேனல். ஃபைவ் பாயிண்ட் ஒன், ஆறு சேனலும் வந்தாத்தான சரவுண்டு? உங்களுக்கு எவனோ டூப்ளிகேட்ட கட்டிவிட்டுட்டான்."

சிரிக்காமல் சொன்னான். சிரித்திருந்தால் கூடப் பொறுத்திருப்பேன். தெருவுக்கெல்லாம் சொல்லி வைத்தது நினைவுக்கு வந்தது, ரிமோட்டை எடுத்து டிவியை அணைத்தேன்.

மறுநாள் காலை கடை திறக்கிற நேரத்துக்கே பாரைத் தூக்கிக்கொண்டு போய் நின்றேன். முதலாளி பதறிப்போனார். அவரால் என்னை இழக்க முடியாது. கல்யாண மண்டபம், பள்ளிக்கூடம் என்று எங்கே ஸ்பீக்கர், ஆம்ப்ளிஃபயர் தேவைப்பட்டாலும் என் வாயால்தான் அவர் கடைக்கு ஆள் வரும். அந்தப் பெண்ணைக் கூப்பிட்டார். அவள் கோபப்படாமல், பயப்படாமல், வயர் டிவி வழியாகப் போகிறதா, நேராகப் போகிறதா என்று கேட்டாள். நேராக என்றேன். பொய்தான். டிவி வழியாக என்று சொன்னால் ஏதோ தப்பு என்று ஆகிவிடும் போலத் தோன்றியது. பிறகு கேட்டாள்.

"பிளேயர்ல ஆடியோ அவுட்புட் பிட்ஸ்ட்ரீம்ல வெச்சிருக்கீங்களாண்ணே? சில பிளேயர்ல ரா-ன்னு போட்டிருக்கும்."

"வெச்சிருக்கேன்."

பிட்ஸ்ட்ரீம் என்ற வார்த்தையை நான் அன்றுதான் முதல் தடவை கேட்டேன். ரா என்பதைப் பார்த்திருக்கிறேன். அதைத்தான் எப்போதும் பி.சி.எம். ஆக மாற்றுவேன். எனக்குத் தெரியாது என்று அவளிடம் சொல்ல வாய் வரவில்லை.

அவள் பாரைத் தன் மேஜையில் வைத்து, கடைப் பிளேயரில் செருகினாள். ஹெலிகாப்டர் பின்னாலிருந்து வந்தது. பார் நன்றாகத்தான் இருக்கிறது என்றாள். அப்படியானால் நான் பொய் சொல்கிறேனா என்று கத்தினேன். முதலாளி வேறு புதுப் பெட்டியைக் கொடுத்தனுப்பினார். வீட்டுக்கு வந்து மாட்டினேன். டூ பாயிண்ட் ஜீரோ.

இரண்டாம் தடவை போனது ஒரு சனிக்கிழமை. பண்டிகை நேரம், கடையில் கால் வைக்க இடமில்லை. அத்தனை பேருக்கும் கேட்கும்படி பேசினேன். என் குரலுக்கு மைக் தேவையில்லை. ஏமாற்றுக் கடை என்றேன், கடையில் ஒன்று கேட்கிறது வீட்டில் ஒன்று கேட்கிறது, இது என்ன மாய வித்தை என்றேன். பொருள் தெரியாத பொம்பளைப் பிள்ளையை நிற்க வைத்து வியாபாரம் செய்தால் இப்படித்தான் ஆகும் என்றேன். வாங்க வந்திருந்த ஒரு குடும்பம் நைசாக வெளியே நழுவியது. முதலாளி முகம் செத்துப்போயிற்று.

அந்தப் பெண் அப்போதும் குரலை உயர்த்தவில்லை. இரண்டு பாரிலும் ஒரே மாதிரி வருகிறது என்றால் பாரில் தப்பில்லை, பாருக்கு வருவதிலேயே ரெண்டு சேனல்தான் வருகிறது என்றாள். டிவி வழியாகக் கொடுத்தால் நிறைய டிவி ரெண்டு சேனலாகச் சுருக்கித்தான் வெளியே விடும், பிளேயரில் பி.சி.எம். இருந்தால் பிளேயரே சுருக்கிவிடும், பிட்ஸ்ட்ரீம் என்றால்தான் டிஸ்க்கில் இருக்கிறதை அப்படியே அனுப்பும், தானே வந்து பத்து நிமிஷத்தில் பார்த்துவிட்டுப் போவதாகச் சொன்னாள். எல்லாம் எனக்குக் கேட்டது. அன்றைக்குக் காது அடைக்கவில்லை என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். கேட்டது, புரிந்தும் விட்டது. வீட்டில் என் கை தட்டிய இடம் அப்படியே கண் முன்னால் வந்தது. அதனால்தான் இன்னும் அதிகமாகக் கத்தினேன்.

முதலாளியைத் தனியே கூப்பிட்டு, இந்தக் கடையில் அவள் இருக்க வேண்டும் அல்லது நான் வர வேண்டும், இரண்டில் ஒன்று என்றேன். அவர் தயங்கினார்.

"அண்ணே, அதுக்கு அப்பா இல்லண்ணே. அம்மா பூக் கட்டுது. இது சம்பளத்துலதான் தம்பி படிக்கிறான்."

உங்கள் இஷ்டம் என்று சொல்லிவிட்டுத் திரும்பி நின்றுகொண்டேன். அது எப்படிப்பட்ட இஷ்டம் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவர் உள்ளே போய் அவளிடம் பேசினார். கொஞ்ச நேரத்தில் அவள் கைப்பையையும் சாப்பாட்டுத் தூக்கையும் எடுத்துக்கொண்டு என்னைத் தாண்டிப் போனாள். அழவில்லை. என் முகத்தைப் பார்த்தாள்.

வீட்டுக்கு வந்ததும் நான் செய்திருக்க வேண்டியது ஒன்றுதான். ரிமோட்டை எடுத்துச் செட்டப்பைத் திறந்து பார்த்திருக்க வேண்டும். திறக்கவில்லை. திறந்து, அவள் சொன்னது சரி என்று தெரிந்துவிட்டால் என்ன செய்வது? நாலு நாள் அந்தப் பிளேயர் பக்கமே போகாமல் இருந்தேன். மனைவி டிஷ்ஷில் நாடகம் பார்த்தார், அதற்கு டூ பாயிண்ட் ஜீரோ போதும்.

ஐந்தாம் நாள் மதுரையிலிருந்து கம்பெனி டெக்னீஷியன் வந்தார். முதலாளிதான் புகார் கொடுத்து வரவழைத்திருந்தார். வந்தவர் ரொம்பப் பேசாத மனிதர். முதலில் டிஸ்க்கில் ஆடியோ டிராக் எது ஓடுகிறது என்று பார்த்தார், ஃபைவ் பாயிண்ட் ஒன்தான் ஓடியது. டிவி மெனுவுக்குப் போய் டிஜிட்டல் ஆடியோ அவுட் பி.சி.எம். இருந்ததை ஆட்டோவாக மாற்றினார். பிளேயர் மெனுவுக்குப் போனார். அங்கே பி.சி.எம். எரிந்துகொண்டிருந்தது. அதை பிட்ஸ்ட்ரீம் ஆக்கினார். சத்தமே நின்றுவிட்டது. எனக்கு ஒரு நிமிஷம் உயிர் வந்தது, அவளும் தப்பு, இவரும் தப்பு என்று. அவர் கவலைப்படவில்லை. இந்த டிவி எச்.டி.எம்.ஐ. வழியாக வருகிற பிட்ஸ்ட்ரீம் சத்தத்தைப் பிரிக்கவும் செய்யாது, அப்படியே வெளியே தள்ளவும் செய்யாது, ரெண்டு சேனல் பி.சி.எம். கொடுத்தால் மட்டும்தான் வாங்கிக்கொள்ளும் என்றார். டிவி புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் அது போட்டிருப்பதையும் காட்டினார். ஆப்டிக்கல் வயரை டிவியிலிருந்து பிடுங்கிப் பிளேயரின் முதுகில் செருகினார். படம் மட்டும் டிவிக்கு, சத்தம் நேராக பாருக்கு. டிஷ் பெட்டிக்கு பாரின் இன்னொரு இன்புட்டில் தனி வயர் கொடுத்தார்.

பாரில் ஃபைவ் பாயிண்ட் ஒன் என்று எரிந்தது. ஹெலிகாப்டர் என் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்து புதுச் சுவரைத் தடவிக்கொண்டு போனது. மனைவி சமையலறையிலிருந்து கரண்டியோடு ஓடி வந்தார்.

டெக்னீஷியன் சோபாவில் உட்கார்ந்து அட்டையில் வைத்த தாளை எடுத்தார். பொருளில் கோளாறு இல்லை, செட்டிங் தவறு என்று எழுதினார். எழுதிக்கொண்டே தலையைத் தூக்காமல் கேட்டார்.

"பி.சி.எம். யாரு சார் வெச்சது? டிவி வழியா கனெக்சன் யாரு குடுத்தது?"

மனைவி என்னைப் பார்த்தார். நான் மாட்டியதை அவர் பக்கத்தில் நின்று பார்த்தவர்.

"கடைப் பொண்ணு சொன்ன மாதிரிதான் மாட்டுனேன்" என்றேன்.

அவர் அதையும் எழுதிக்கொண்டார். கடைப் பணியாளரின் தவறான வழிகாட்டுதல் என்று ஒரு வரி. என் கையெழுத்தும் வாங்கினார், போட்டேன். ஒரு பிரதி கடைக்கு, ஒரு பிரதி கம்பெனிக்கு. டெக்னீஷியன் கிளம்பிப் போனார். அன்றைக்கு மனைவி சோற்றை என் முன்னால் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார், மோர் வேண்டுமா என்று கூடக் கேட்கவில்லை.

மச்சினன் சிங்கப்பூர் திரும்புமுன் ஒரு சாயங்காலம் வந்து கேட்டுவிட்டு, பரவாயில்லையே மச்சான் என்றான். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இவ்வளவும் செய்தேன் என்றால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். நான் நம்புகிறேன். அந்த வார்த்தையைக் கேட்டபோது சந்தோஷமாகவும் இருந்தது, அதையும் மறைக்கவில்லை.

ஏழெட்டு மாதம் கழித்து சித்தையன்கோட்டையில் ஒரு பள்ளிக்கூட ஆண்டு விழா. மத்தியானம் மூன்று மணிக்கு மைதானத்தில் குழாய் கட்டி முடித்து, ஆம்ப்ளிஃபயர் மேஜையில் உட்கார்ந்திருந்தேன். பிள்ளைகளும் பெற்றோரும் வந்து உட்கார ஆரம்பித்திருந்தார்கள். ஒரு பெண் கூட்டத்திலிருந்து எழுந்து மேஜைக்கு வந்தாள். பக்கத்தில் வரும்வரை அடையாளம் தெரியவில்லை, அவ்வளவு இளைத்திருந்தாள். தம்பிக்குப் பரிசு கொடுக்கிறார்கள், அதற்காக வந்தேன் என்றாள். வேடசந்தூர்ப் பக்கம் மில் வேலைக்குப் போவதாகச் சொன்னாள். கடை வேலை பார்க்கலாமே என்று வாய் கூசாமல் கேட்டேன்.

"ரெண்டு கடையில கேட்டேண்ணே. கம்பெனியில எழுதி வெச்சிருக்காங்களாம், பி.சி.எம். வெச்சு டிவி வழியா மாட்டச் சொல்லி நான் தப்பாச் சொல்லிக் குடுத்தேன்னு. எடுக்க மாட்டேன்னுட்டாங்க." மேஜை மேல் இருந்த ஆம்ப்ளிஃபயரைப் பார்த்தாள். "உங்க வீட்டுல பி.சி.எம். வெச்சது யாருண்ணே?"

கோபமாகக் கேட்டிருந்தால் நானும் கோபப்பட்டிருப்பேன், அது எனக்குக் கைவந்தது. அவள் உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்டாள். தான் சொன்னதில் எங்கேயாவது பிசகிவிட்டோமோ என்று இத்தனை மாதமும் மனசுக்குள் ஓட்டிப் பார்த்திருக்கிறாள் என்பது அந்த முகத்தில் தெரிந்தது. நான்தான் வைத்தேன் தாயி, சொல்ல வேண்டியது அந்த மூன்று வார்த்தைதான்.

"மறந்துபோச்சும்மா" என்றேன்.

அவள் சரிண்ணே என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போய் அவள் அம்மா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். தலைமை ஆசிரியர் மேடையிலிருந்து கையைக் காட்டி, மைக்கை டெஸ்ட் பண்ணுங்கள் என்றார். ஏறிப்போய் மைக்கைப் பிடித்தேன். ஊரே உட்கார்ந்திருந்தது, அவளும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாலு குழாயிலும் கேட்கும்படி ஹலோ, ஹலோ, ஒன் டூ த்ரீ என்று சொன்னேன். சொல்லிவிட்டு இறங்கி வந்துவிட்டேன்.